ராத்திரி முழுக்க அடுப்பிலேயே இருந்த ஆட்டெலும்பு சூப்: காலையில் கொதிக்க வைத்தால் போதுமா?

விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ராத்திரி பத்து மணிக்கு அடுப்பை அணைத்து, மூடி போட்டு, காலை ஏழு மணிக்குப் பார்த்த சூப்பை எவ்வளவு கொதிக்க வைத்தாலும் குடிக்காதீர்கள். கொதி கிருமியைக் கொல்லும். ஆனால் கிருமி ராத்திரியெல்லாம் இருந்து சூப்புக்குள் விட்டுப்போன நஞ்சு, சில வகைகளில், கொதித்தாலும் அப்படியே இருக்கும்.

எங்கள் செந்தூல் வீட்டில் ஞாயிற்றுக்கிழமைக்கு ஐந்து லிட்டர் சட்டியில் நெஞ்செலும்பு சூப் வைப்பது வழக்கம். இவ்வளவு சூப் ராத்திரியில் எப்படி ஆறுகிறது என்று தெர்மோமீட்டரை விட்டு அளந்து பார்த்தேன். பத்து மணிக்கு அணைத்த சட்டி 60 டிகிரிக்கு இறங்கும்போது நள்ளிரவு தாண்டி ஏறக்குறைய ஒரு மணி ஆகிவிட்டது. விடிகாலை நாலு மணி வாக்கில் 40. காலை ஏழு மணிக்கு 33. கோலாலம்பூரில் ராத்திரியிலும் சமையலறை 27 டிகிரிக்குக் கீழே போவதில்லை என்பதால் சூப் அதற்குமேல் ஆற வழியே இல்லை. 60க்குக் கீழே ஆறு மணி நேரம், அதுவும் கிருமிகளுக்கு மிகவும் பிடித்த சூட்டில்.

காலையில் சட்டியைப் பார்த்தவுடன்

முதலில் நேரத்தைக் கணக்குப் போடுங்கள். நம் சுகாதார அமைச்சு சமைத்த உணவை நாலு மணி நேரத்துக்குள் சாப்பிடச் சொல்கிறது. அணைத்து நாலு மணி நேரத்துக்குள் பார்த்துவிட்டால், நன்றாகக் கொதிக்க வைத்து அப்போதே குடித்துவிடலாம். ராத்திரி முழுக்க என்றால் கொட்டத்தான் வேண்டும். முகர்ந்து பார்த்து முடிவு செய்யாதீர்கள். கெட்ட வாடையைக் கிளப்பும் கிருமிகள் வேறு, வயிற்றைக் கெடுக்கும் கிருமிகள் வேறு. இரண்டாவது வகை நிறைய பெருகியிருந்தாலும் சூப் மிளகு வாசத்தோடு அருமையாகவே இருக்கும். மேலே கொழுப்பு படிந்து மூடியிருப்பதும் எந்தப் பாதுகாப்பும் இல்லை.

"கொதிக்கும்போது கிருமியெல்லாம் செத்துப்போச்சே, மூடிய சட்டிக்குள் எங்கிருந்து வந்தது?" என்று பலருக்கும் தோன்றும். எனக்கும் இந்த இடம்தான் வெகுநாள் பிடிபடவில்லை. இறைச்சியோடு வரும் கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃபிரிஞ்சன்ஸ் என்ற கிருமி, நிலைமை மோசமானால் ஓடு கட்டிய விதைபோல ஒடுங்கிக்கொள்ளும். அந்த நிலைக்கு ஸ்போர் என்று பெயர். கொதிக்கிற சூப்பில் மணிக்கணக்கில் கிடந்தாலும் ஸ்போர் சாகாது. பிற கிருமிகள் செத்து, கொதியில் பிராணவாயுவும் வெளியேறிவிட்டால் அதற்குக் கொண்டாட்டம்தான். சூப் 50 டிகிரிக்குக் கீழே வந்ததும் ஸ்போர் விழித்துக்கொள்கிறது. 45 டிகிரி வாக்கில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு மடங்காகும். அந்தச் சூட்டைத்தான் மூடிய சட்டி ராத்திரி இரண்டு மணியிலிருந்து பொத்திக் காத்துக்கொண்டிருக்கிறது.

இந்தக் கிருமியை மட்டும் வைத்துப் பார்த்தால் மறுபடி கொதிக்க வைப்பது பெருமளவு உதவும் என்பதே உண்மை. உயிரோடு நிறைய விழுங்கினால்தான் அது வயிற்றுப்போக்கைத் தரும், உயிரோடிருப்பவை கொதியில் செத்துவிடும். சிக்கல் மற்ற இரண்டால் வருகிறது. ஒன்று ஸ்டாஃபைலோகாக்கஸ் ஆரியஸ், நம் கையிலும் மூக்கிலும் இருப்பது. உப்பு பார்த்த கரண்டியைத் திரும்பச் சட்டியில் விட்டாலே போதும், உள்ளே போய்விடும். இன்னொன்று பேசிலஸ் சீரியஸ், அரிசி, மீ, உருளைக்கிழங்கு போன்ற மாவுப் பண்டங்களோடு வருவது. இதுவும் ஸ்போர் கட்டிக் கொதிக்குத் தப்பும். இவ்விரண்டும் உண்டாக்கும் வாந்தி நஞ்சு அரை மணி நேரம் கொதித்தாலும் அழியாது. குடித்துச் சில மணி நேரத்திலேயே வாந்தி ஆரம்பித்துவிடும். ராத்திரியில் எந்தக் கிருமி பெருகியது என்று சட்டியைப் பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது. அதனால்தான் கொட்டச் சொல்கிறேன். ஆட்டு இறைச்சி விற்கும் விலையில் மனம் வராதுதான். ஆனால் வீட்டில் குழந்தையோ கர்ப்பிணியோ வயதானவரோ இருந்தால் யோசிக்கவே வேண்டாம்.

ராத்திரியே ஆற வைப்பது எப்படி

கருவி ஒன்று வேண்டும்: கம்பி வைத்த டிஜிட்டல் தெர்மோமீட்டர். துப்பாக்கி மாதிரி நீட்டிப் பிடிக்கும் வகையை இதற்கு வாங்காதீர்கள். அது மேலே மிதக்கும் கொழுப்பின் சூட்டை மட்டுமே காட்டும், நடுவில் என்ன என்று தெரியாது. வாங்கியதும் ஐஸ் நிறைந்த தண்ணீரில் விட்டுப் பாருங்கள், 0 காட்ட வேண்டும். கொதிக்கும் தண்ணீரில் 100.

இலக்கு இரண்டு கட்டம். 60லிருந்து 21க்கு இரண்டு மணி நேரத்துக்குள், அங்கிருந்து 5க்கு அடுத்த நாலு மணி நேரத்துக்குள். முதல் கட்டம்தான் முக்கியம், இரண்டாவதை ஐஸ் பெட்டி பார்த்துக்கொள்ளும்.

அடுப்பை அணைத்ததும் எலும்பையும் கறியையும் வடித்தெடுத்து அகலமான தட்டில் தனியாகப் பரப்புங்கள். எலும்பு சூட்டைப் பிடித்து வைத்திருக்கும். சூப்பை இரண்டு மூன்று எவர்சில்வர் பாத்திரங்களில், இரண்டு அங்குல உயரத்துக்கு மேல் போகாமல் ஊற்றுங்கள். பிளாஸ்டிக் டப்பா வேண்டாம், அது சூட்டை விடாது.

அடுத்தது பலரும் மாட்டிக்கொள்ளும் இடம். பாத்திரத்தைத் தொட்டியில் வைத்துக் குழாய்த் தண்ணீரை நிரப்பிவிட்டுப் போய்விடுகிறோம். சூடு வேகமாக இறங்கும், பிறகு 35 பக்கத்தில் வந்து நின்றுவிடும். நம் ஊர்க் குழாய்த் தண்ணீரே 28 டிகிரி இருக்கும், அதற்குக் கீழே அது எதையும் குளிர்விக்காது. குளிர்நாட்டுச் சமையல் குறிப்புகளில் "குளிர்ந்த தண்ணீரில் வையுங்கள்" என்று இருப்பது அவர்கள் ஊர்த் தண்ணீருக்குப் பொருந்தும். இங்கே ஐஸ் இல்லாமல் 21ஐத் தொடவே முடியாது.

ஆனால் ஐஸை முதலிலேயே கொட்டினால் கொதிக்கிற சூப் அதை நிமிடத்தில் கரைத்துவிடும். முதலில் குழாய்த் தண்ணீர், அது சூடானதும் மாற்றி ஊற்றுங்கள், கரண்டியால் கிளறிக்கொண்டே இருங்கள். 40க்கு வந்த பிறகு ஐஸ். ஐந்து லிட்டர் சூப்பை 40லிருந்து 10க்குக் கொண்டுவரக் கணக்குப்படி 1.7 கிலோ ஐஸ் போதும். காற்றில் கரைவது, தொட்டி இழுப்பது எல்லாம் சேர்த்து 3 கிலோ வைத்துக்கொள்ளுங்கள். மளிகைக் கடையில் விற்கும் ஐஸ் பொட்டலம் சரியாக இருக்கும். ஐஸ் மட்டம் வெளியில் சூப் மட்டத்தைவிட உயரமாக இருக்கட்டும், தண்ணீர் உள்ளே வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எனக்கு இதைவிடப் பிடித்த வழி ஒன்று உண்டு. சூப்பை ஐந்து லிட்டருக்குப் பதில் நாலு லிட்டராகக் கெட்டியாக வைப்பேன். காய்ச்சி ஆற வைத்த தண்ணீரை முதல் நாளே ஐஸாக உறைய வைத்திருப்பேன், ஒரு கிலோ. அடுப்பை அணைத்ததும் அதை நேரே சூப்பில் போட்டால், 95 டிகிரியிலிருந்து ஒரேயடியாக 60 வாக்கில் வந்துவிடும், அளவும் ஐந்து லிட்டர் ஆகிவிடும். மூன்று மணி நேரக் காத்திருப்பு மிச்சம், தூங்கப் போகும் முன் வேலை முடிந்துவிடும். கடை ஐஸைச் சூப்புக்குள் போடாதீர்கள், அது தொட்டிக்கு மட்டும்.

21க்கு வந்ததும் ஐஸ் பெட்டியில் வையுங்கள். முழுதாகக் குளிரும்வரை மூடியைச் சற்றே திறந்து வைத்து, பிறகு இறுக மூடுங்கள். மூன்று நாளுக்குள் குடிக்காதது உறைபெட்டிக்கு. குடிக்கும்போது வேண்டிய அளவை மட்டும் எடுத்துத் தளதளவென்று கொதிக்க வையுங்கள். முழுச் சட்டியையும் ஒவ்வொரு வேளையும் சூடாக்கி ஆற வைத்தால், ஒவ்வொரு முறையும் அது அந்த 45 டிகிரியைக் கடந்துதான் ஆக வேண்டும்.

பிறகு சேர்த்தது

"பாட்டி மீன்குழம்பை ஐஸ் பெட்டி இல்லாமல் இரண்டு நாள் வைத்துச் சுண்ட வைப்பாரே?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். அதில் புளி இருக்கிறது, உப்பு தூக்கல், சுண்டச் சுண்டத் தண்ணீரும் குறைந்துவிடும். புளிப்பு ஏறினால் இந்தக் கிருமிகள் சரியாகப் பெருக மாட்டா. ஆட்டெலும்பு சூப்பில் புளிப்பும் இல்லை, உப்பும் குறைவு, எல்லாம் புரதத் தண்ணீர். குழம்பின் கணக்கை இதற்குப் போட முடியாது.

பினாங்கிலிருந்து இன்னொருவர், சூட்டைத் தாங்கும் இரட்டைச் சுவர்ப் பாத்திரத்தில் ராத்திரி வைத்த சூப் பற்றிக் கேட்டார். அதற்கு விடை தெர்மோமீட்டரில் இருக்கிறது. காலையில் மூடியைத் திறந்தவுடன் நடுவில் கம்பியை விடுங்கள். 60 அல்லது அதற்கு மேல் என்றால் ராத்திரி முழுக்க அது கீழே இறங்கவே இல்லை, கொதிக்க வைத்துக் குடிக்கலாம். 55 என்று காட்டினால் எப்போது 60க்குக் கீழே இறங்கியது என்று கண்டுபிடிக்க வழியில்லை, கொட்டிவிடுங்கள். அவருடைய பாத்திரம் பாதிதான் நிறைந்திருந்ததாம். பாதிப் பாத்திரம் வெகு சீக்கிரம் சூட்டை விட்டுவிடும். அந்த வகைப் பாத்திரத்தைக் கழுத்துவரை நிரப்பி, மூடும் முன் பத்து நிமிடம் நன்றாகக் கொதிக்க விட்டிருக்க வேண்டும்.