ஆண் தலையில் பெண் முகம்: எலும்பை மறந்தால் வரும் தவறுகள்

தம்பியின் தலையில் அக்காவின் முகத்தைப் பொருத்திவிட்டீர்கள். ஓரம் தெரியவில்லை, தோல் நிறமும் ஒத்துப்போகிறது. ஆனாலும் படத்தைப் பார்ப்பவர், "தம்பி மேக்கப் போட்டிருக்கிறானா?" என்று கேட்கிறார். ஒட்டு வேலையில் குறை இல்லை. முகம் மட்டும் இன்னும் பெண் முகமாகவே இருக்கிறது, அதைச் சுற்றியிருக்கும் தலை ஆணுடையது. இரண்டுக்கும் இடையிலான எலும்பு வேறுபாட்டை யாரும் சரிசெய்யவில்லை.

அப்படிச் சரிசெய்ய இறங்குபவர்கள் பெரும்பாலும் செய்யும் தவறு ஒன்றுதான்: புருவத்தை ஒட்டிய எலும்புப் புடைப்பான புருவமேடு, தாடை, கன்னம் ஆகிய மூன்றையும் ஒரே வகை வேலையாக நினைத்து, மூன்றுக்கும் படத்தை இழுத்து வளைக்கும் ஃபோட்டோஷாப்பின் Liquify கருவியையே எடுப்பது. நேராகப் பார்க்கும் முகத்தில் தாடை என்பது ஒரு கோடு. அதை இழுக்கலாம், தள்ளலாம். புருவமேட்டுக்கு அப்படி ஒரு கோடே கிடையாது. பக்கவாட்டில் பார்த்தால்தான் அது புடைப்பு. நேரில் பார்த்தால் மேலே ஒரு கீற்று வெளிச்சம், கீழே ஒரு நிழல், அவ்வளவே. கன்னம் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. அதனால்தான் Liquify கருவியின் Face-Aware Liquify பகுதியில் தாடைக்கு Jawline என்று ஒரு நகர்த்தி இருக்கிறது, புருவமேட்டுக்கு எதுவும் இல்லை.

ஓர் உதாரணத்தோடு போவோம். அக்காவும் தம்பியும் விரும்பிக் கேட்டதால் செய்வதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரே படத்தில் பக்கத்தில் பக்கத்தில் நின்று, இருவரும் நேராகப் பார்க்கிறார்கள். வெளிச்சம் இடப்பக்கம் மேலிருந்து வருகிறது. அக்காவின் முகம் தம்பியின் தலைக்கும், தம்பியின் முகம் அக்காவின் தலைக்கும் போக வேண்டும். அக்கா ஆணாகப் பிறந்திருந்தால் எப்படி இருப்பாள், தம்பி பெண்ணாகப் பிறந்திருந்தால் எப்படி இருப்பான் என்று காட்ட வேண்டும். இதை முதலிலேயே தெளிவாகச் சொல்லிக்கொள்வது நல்லது. வேடிக்கைக்காக வெறுமனே முகத்தை மாற்றினால் போதும் என்றால், கீழே சொல்வதில் பாதி வேலை தேவையில்லை.

முதல் சறுக்கல் அளவில் நடக்கிறது. ஒட்டிய முகத்தை நெற்றி முதல் தாடை நுனிவரை தலைக்குச் சரியாக வரும்படி பெரிதாக்குவார்கள். ஆணின் முகம் பொதுவாக நீளம் அதிகம், குறிப்பாகக் கீழ் உதட்டுக்கும் தாடை நுனிக்கும் இடையில். ஆனால் கண்களின் இடைவெளி இருவருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். பெரியவர்களின் சராசரி 63 மில்லிமீட்டர் அளவில் இருக்கும், ஆண்களுக்கு ஓரிரு மில்லிமீட்டர் கூடுதல். நம் படத்தில் தம்பியின் கண்மணிகளுக்கு இடையே 240 பிக்சல், அக்காவுக்கு 228. கண்மணிக் கோட்டிலிருந்து தாடை நுனிவரை தம்பிக்கு 442, அக்காவுக்கு 393. தாடையைப் பார்த்து அளவெடுத்தால் அக்காவின் முகத்தை 112 சதவீதமாகப் பெரிதாக்க வேண்டிவரும். அப்போது கண்களின் இடைவெளி 255 பிக்சலாகிவிடும், தம்பியின் தலைக்கு 15 பிக்சல் அதிகம். கண்கள் பிதுங்கி நிற்கும்.

கண்மணியைப் பார்த்து அளவெடுத்தால் 105 சதவீதம் போதும். கண்கள் சரியாக அமர்ந்துவிடும். தாடை மட்டும் 28 பிக்சல் போலக் குறையும். அந்தக் குறையை முகம் முழுவதையும் நீட்டி ஈடுகட்டக் கூடாது. மூக்கும் சேர்ந்து நீண்டு, அக்காவின் சாயல் போய்விடும். ஒட்டிய முகத்தில் எந்தப் பகுதி தெரிய வேண்டும் என்று தீர்மானிக்கும் மாஸ்க்கை உதட்டுக்குக் கீழே நிறுத்திவிட்டால், அந்த இடத்தைத் தம்பியின் சொந்தத் தாடையே நிரப்பிக்கொள்ளும்.

மாஸ்க்கின் எல்லைக்கோடு எங்கே ஓடுகிறது என்பதுதான் இந்த வேலையின் உயிர்நாடி. எந்த எலும்பு யாருடையது என்பதை முடிவு செய்வது அந்தக் கோடுதான். புருவத்துக்குச் சற்று மேலே தொடங்கி, கன்னத்தின் நடுவே இறங்கி, கீழ் உதட்டுக்கு அடியில் சுற்றி வந்தால், தாடை மூலைகள் முழுவதும் தலைக்குச் சொந்தக்காரருடையவை. அதாவது ஆண் தலைக்கு ஆண் தாடை ஏற்கெனவே இருக்கிறது. இதைக் கவனிக்காமல், "ஆண் முகம் என்றால் தாடை அகலமாக இருக்க வேண்டும்" என்று நகர்த்தியை மீண்டும் தள்ளுபவர்கள் பலர். தாடை இரண்டு முறை ஆணாகிவிடுகிறது. சுத்தியல் மாதிரி ஒரு முகம் வந்து நிற்கிறது. அக்காவின் தலையில் இதே தவறு எதிர்த்திசையில் நடக்கும். ஏற்கெனவே குறுகலான தாடையை இன்னும் உள்ளே தள்ளி, முகத்தை எலுமிச்சை விதைபோல் ஆக்கிவிடுவார்கள்.

தாடையைத் தொட்டே ஆக வேண்டிய நேரமும் உண்டு. தம்பி சிரிக்கிறான், அக்கா சிரிக்கவில்லை என்றால், அக்காவின் தலைக்குப் போகும் தம்பியின் முகத்தில் தாடையையும் சேர்த்தே எடுக்க வேண்டியிருக்கும். அப்போது நுனியைக் கூராக்குவதில் தொடங்காதீர்கள். ஆண் தாடையை ஆணாகக் காட்டுவதில் நுனியைவிட, வாய் மட்டத்தை ஒட்டிக் காதுக்குக் கீழே இருக்கும் மூலைக்குப் பங்கு அதிகம். மூலையை நாலைந்து பிக்சல் உள்ளே கொண்டுவந்த பிறகு நுனியைப் பாருங்கள், பெரும்பாலும் அதற்கு வேலை இருக்காது. இன்னொன்று, தாடையை நகர்த்தினால் கழுத்தில் விழும் அதன் நிழலும் நகர வேண்டும். தாடை உள்ளே போய், நிழல் பழைய இடத்திலேயே தங்கிவிட்டால், கழுத்தில் காரணமில்லாத ஒரு கறுப்புப் பட்டை தெரியும். திருத்திய படம் என்று காட்டிக்கொடுப்பதில் இந்தப் பட்டைக்குத்தான் முதலிடம். பின்னால் கதவுச் சட்டம் இருந்தால் அது வளைகிறதா என்றும் பாருங்கள்.

புருவமேட்டுக்கு வருவோம். அது ஒட்டிய முகத்தோடு கூடவே வந்துவிடுகிறது. அதனால் இந்த இரண்டு படங்களிலும் உண்மையான உழைப்பு அங்கேதான். பலர் இங்கே புருவத்தை மட்டும் நகர்த்துகிறார்கள். ஆணின் புருவம் பொதுவாகக் கண்குழியின் எலும்பு விளிம்பிலேயே கிடக்கும், நேர்கோடாக இருக்கும். பெண்ணின் புருவம் விளிம்புக்குச் சற்று மேலே, வெளிப்பக்கம் வளைந்து ஏறும். ஆகவே தம்பியின் புருவத்தை உயர்த்துவதில் தவறில்லை. ஆனால் முழுப் புருவத்தையும் தூக்கினால் தம்பி எதையோ கண்டு திடுக்கிட்டவன்போல் ஆகிவிடுவான். மூக்குப் பக்க முனையைத் தொடாமல், வெளிப்புறப் பாதியை மட்டும் ஏழெட்டு பிக்சல் ஏற்றினால் போதும். இந்தப் படத்தின் அளவில் அது சுமார் 2 மில்லிமீட்டர்.

அப்படி ஏற்றியும் முகம் ஆணாகவே இருக்கும், ஏனென்றால் மேடு அங்கேயே இருக்கிறது. அதைத் தூரிகையால்தான் கரைக்க வேண்டும். Layer மெனுவில் New, Layer என்று போய்ப் புதிய லேயர் ஒன்றைத் திறந்து, Mode என்ற இடத்தில் Soft Light என்று வைத்து, அதன் கீழே 50% gray நிரப்பச் சொல்லும் கட்டத்தைக் குறியிடுங்கள். அந்தச் சாம்பல் நிறம் கண்ணுக்குத் தெரியாது. அதன்மேல் வெள்ளை பூசினால் வெளிச்சம், கறுப்பு பூசினால் நிழல். பிரஷின் Flow அளவு 3 முதல் 5 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம்.

தம்பியின் முகத்தில் மூன்று இடங்களைத் தேடுங்கள். புருவத்தின் உட்பாதிக்கு மேலே ஒரு வெளிச்சக் கீற்று இருக்கும். அதை மெல்லக் கறுப்பால் அடக்க வேண்டும். அதற்கும் மேலே, மேடு முடிந்து நெற்றி தொடங்கும் இடத்தில் ஒரு மங்கலான பள்ளம். அதை வெள்ளையால் நிரப்பினால் நெற்றி ஒரே வளைவாக வழியும். மூன்றாவது, கண்ணின் உள்முனைக்கு மேலே இமைக்குழியில் தேங்கிய நிழல். அதைப் பாதியளவு வெளுக்க வேண்டும், முழுவதும் அல்ல. முழுவதும் வெளுத்தால் இமை வீங்கியதுபோல் ஆகிவிடும். அக்காவின் முகத்துக்கு இதே மூன்று இடங்கள், நேர்மாறாக. அங்கே மட்டும் ஓர் எச்சரிக்கை: இரண்டு புருவங்களுக்கு நடுவிலும் வெளிச்சத்தைக் கொண்டுபோகாதீர்கள். மேடு என்பது இரண்டு புடைப்புகள். நடுவில் அது தணிந்துவிடும். நெற்றியின் குறுக்கே ஒரே பட்டையாக வரைந்தால் ஆண் முகம் வராது, குரங்கு முகம்தான் வரும்.

வெளிச்சம் இடப்பக்கமிருந்து வருவதால் இடது மேட்டின் கீற்று அகலமாகவும் வலது மேட்டின் கீற்று மெல்லியதாகவும் இருக்க வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி பூசுவது பழக்கதோஷம். ஒட்டும்போது முகத்தை இடவலமாகத் திருப்பிப் போட்டவர்களுக்கு இங்கேதான் தலைவலி தொடங்கும். முகத்தின் வெளிச்சமும் தலையின் வெளிச்சமும் எதிரெதிர்த் திசையில் நிற்கும்.

கன்னம்தான் மிகவும் ஏமாற்றும், ஏனென்றால் மாஸ்க்கின் கோடு அதன் நடுவிலேயே ஓடுகிறது. உள்பாதி ஒருவருடையது, வெளிப்பாதி இன்னொருவருடையது. பெண் முகம் என்றால் கன்னம் உப்பியிருக்க வேண்டும் என்று நினைத்து Liquify கருவியால் முகத்தை அகலப்படுத்துவார்கள். முகம் பருத்துப்போகும், பெண் முகமாகாது. பெண் முகத்தின் கன்னத் திரட்சி பக்கவாட்டில் இல்லை, முன்பக்கம் உயரத்தில், கண்ணின் வெளிமுனைக்குக் கீழே இருக்கிறது. எனவே அதே சாம்பல் லேயரில், அந்த இடத்தில் அகலமான மென்மையான பிரஷால் கொஞ்சம் வெளிச்சம், கன்ன எலும்புக்கு அடியில் விழும் சரிவான நிழலுக்குக் கொஞ்சம் தணிப்பு, இது போதும். மூக்கிலிருந்து வாய்க்கு இறங்கும் மடிப்பை அழித்துவிடாதீர்கள். அது போனால் முகம் ரப்பர் பொம்மையாகிவிடும். ஆளையும் பார்க்க வேண்டும். கன்னம் வயதையும் உடம்பையும் பொறுத்தது. அக்காவே ஒட்டிய கன்னக்காரி என்றால், தம்பியின் பெண் வடிவத்துக்கு மட்டும் குண்டுக் கன்னம் எங்கிருந்து வரும்?

கறுத்த தோலில் வெள்ளைப் பூச்சு சில சமயம் சாம்பல் பூத்ததுபோல் தெரியும். அப்போது மேலே Color நிலையில் ஒரு வெற்று லேயர் வைத்து, பக்கத்துத் தோலின் நிறத்தை எடுத்து மெல்லப் பூசினால் சரியாகும். தம்பியின் மேலுதட்டில் மழித்த மீசையின் நீலச்சாயல் இருந்தால் அதற்கும் இதே வைத்தியம்.

முடித்ததும் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, கட்டைவிரல் அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். நிறமும் தோலின் நுணுக்கமும் போய், வெளிச்சமும் நிழலும் மட்டும் மிஞ்சும். அந்த அளவில் ஆணா பெண்ணா என்று தெரியாவிட்டால் புருவமேட்டு வேலை போதவில்லை. ஆணோ பெண்ணோ தெரிந்து, அக்காவா என்று மட்டும் தெரியாவிட்டால், அளவைத் தாண்டிவிட்டீர்கள். சாம்பல் லேயரின் Opacity அளவை, அக்கா மறுபடி தெரியும்வரை இறக்குங்கள்.