வரலாற்றுக் கேள்விக்கு அரைப் பக்கத்தில் பதில்: வேலூர்ப் புரட்சியை வைத்து ஒரு பயிற்சி

மாலையில் என்னிடம் படிக்க வரும் ஒரு பெண், போன மாதம் ஒரு விடைத்தாளைக் கொண்டுவந்து நீட்டினாள். வேலூர்ப் புரட்சி பற்றி இரண்டு பக்கம் எழுதியிருந்தாள். ஆண்டு, தேதி, பெயர் எதிலும் தப்பில்லை. ஆனாலும் பாதி மார்க்தான். ஓரத்தில் சிவப்பு மையில் ஒரே வரி: "கேட்டதற்குப் பதில் எங்கே?"

அவள் எழுதியது கதை. 1806 ஜூலை 10 விடியற்காலையில் வேலூர்க் கோட்டையில் இருந்த ஆங்கிலேயக் கம்பெனிப் படையின் இந்தியச் சிப்பாய்கள் எழுந்ததில் தொடங்கி, ஆற்காட்டிலிருந்து ஆங்கிலத் தளபதி ஜில்லெஸ்பி குதிரைப்படையுடன் வந்து அடக்கியது வரை நடந்ததை நடந்தபடி சொல்லியிருந்தாள். கேள்வியோ வேறு: "வேலூர்ப் புரட்சிக்குப் புதிய தலைப்பாகை மட்டும்தான் காரணமா? விளக்குக." அன்று மாலை நாங்கள் இருவரும் அந்தக் கேள்விக்கே உட்கார்ந்து புதிதாகப் பதில் எழுதினோம். செய்ததை அப்படியே வரிசையாகத் தருகிறேன்.

படி 1: கேள்வியில் எடை எந்தச் சொல்லில் இருக்கிறது?

பென்சிலை எடுத்து ஒரே ஒரு சொல்லுக்கு அடிக்கோடு போடச் சொன்னேன். அவள் "வேலூர்ப் புரட்சி" என்பதற்குப் போட்டாள். அது தலைப்புதான். கேள்வி நிற்பது "மட்டும்தான்" என்ற சொல்லில். தலைப்பாகை ஒரு காரணம் என்பதைக் கேட்பவரே ஒப்புக்கொண்டுவிட்டார். வேறு காரணமும் உண்டா, உண்டென்றால் இரண்டுக்கும் என்ன உறவு என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டும். "மட்டும்", "எந்த அளவுக்கு", "ஏன்", "உடனடி" மாதிரியான சிறு சொற்களில்தான் வரலாற்றுக் கேள்வியின் உயிர் இருக்கும்.

படி 2: வாதத்தை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

பதிலின் முதல் வரியே உங்கள் வாதமாக இருக்கட்டும். அவள் முதலில் எழுதிய வரி இது: "வேலூர்ப் புரட்சிக்குப் பல காரணங்கள் இருந்தன." இதை யாரும் மறுக்க மாட்டார்கள். யாரும் மறுக்க முடியாத வரி வாதமாகாது, வெறும் முன்னுரை.

இரண்டாவது முயற்சி: "தலைப்பாகை மட்டும் காரணம் இல்லை." இப்போது பதில் வந்துவிட்டது, ஆனால் பாதிதான். தலைப்பாகை இல்லையென்றால் வேறு எது?

மூன்றாவது: "புதிய தலைப்பாகை சிப்பாய்களின் கோபத்தைக் கிளப்பியது, அந்தக் கோபம் ஆட்சிக்கு எதிரான புரட்சியாக மாறியதற்கு, திப்பு சுல்தானின் குடும்பம் அதே கோட்டையில் இருந்தது முக்கியக் காரணம்."

ஆங்கிலேயர் தோற்கடித்த மைசூர் மன்னர் திப்புவின் குடும்பத்தை அவர்கள் வேலூர்க் கோட்டையில்தான் காவலில் வைத்திருந்தார்கள். இந்த வரியில் இரண்டு காரணங்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் என்ன வேலை செய்தது என்பதும் இருக்கிறது. ஒருவர் எதிர்த்துப் பேசவும் இடம் உண்டு. "அப்படி எப்படிச் சொல்கிறாய்?" என்று கேட்கத் தோன்றினால் அது வாதம். அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் சான்றுகள் வரப்போகின்றன.

படி 3: தெரிந்ததை எல்லாம் கொட்டி, மூன்றை மட்டும் எடுங்கள்

ரஃப் பேப்பரில் நினைவுக்கு வருவதை எல்லாம் எழுதச் சொன்னேன். 1805 நவம்பரில் வந்த புதிய தலைப்பாகை, அதில் இருந்த தோல் குஞ்சம், நெற்றியில் குறி இடக் கூடாது என்ற உத்தரவு, தாடி மீசை விதிகள், 1806 மே மாதத்தில் வேலூர்ச் சிப்பாய்கள் தலைப்பாகையை அணிய மறுத்துத் தண்டனை பெற்றது, குறைந்த சம்பளம், கோட்டைத் தளபதி கர்னல் ஃபேன்கோர்ட் கொல்லப்பட்டது, மைசூரின் புலிக்கொடி, திப்புவின் மகன் ஃபதே ஹைதர், ஜில்லெஸ்பி, சென்னை ஆளுநர் வில்லியம் பெண்டிங்க் திருப்பி அழைக்கப்பட்டது, திப்பு குடும்பம் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டது. பன்னிரண்டு குறிப்புகள்.

ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு கேள்வி: இதை எடுத்துவிட்டால் என் வாதம் சாயுமா? ஃபேன்கோர்ட் கொல்லப்பட்டதை எடுத்துவிட்டால் எதுவும் ஆகாது. ஜில்லெஸ்பி வந்ததும் அப்படியே. அவை நடந்த சம்பவங்கள். ஏன் நடந்தது என்பதைப் பற்றி அவை பேசுவதில்லை. மனப்பாடம் செய்த பெயரை விட்டுவிட அவளுக்கு மனமே வரவில்லை. ஆனால் அரைப் பக்கத்தில் இடம் கொஞ்சம்தான்.

கடைசியில் நின்றவை மூன்று. ஒன்று, தலைப்பாகை உத்தரவும் மே மாத மறுப்பும். இரண்டு, கோட்டையைப் பிடித்ததும் புலிக்கொடி ஏற்றி, திப்புவின் மூத்த மகன் ஃபதே ஹைதரை மன்னர் என்று அறிவித்தது. மூன்று, அடக்கிய பிறகு அரசு செய்த காரியங்கள்.

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் பிடித்த சான்று. பிள்ளைகள் அதை "விளைவுகள்" என்ற தலைப்பின் கீழ் மட்டுமே படிப்பதால், காரணம் கேட்கும் கேள்வியில் அது நினைவுக்கே வருவதில்லை. புரட்சிக்குப் பிறகு ஆங்கிலேயர் இரண்டு காரியம் செய்தார்கள்: உடை பற்றிய உத்தரவைத் திரும்பப் பெற்றார்கள், திப்புவின் குடும்பத்தை வேலூரிலிருந்து கல்கத்தாவுக்கு அனுப்பினார்கள். பிரச்சினை தலைப்பாகை மட்டும்தான் என்று அவர்கள் நினைத்திருந்தால் முதல் காரியமே போதுமே! அவர்களுடைய நடவடிக்கையே நம் வாதத்துக்குச் சாட்சி சொல்கிறது.

படி 4: சான்றுக்குப் பின்னால் "அதனால் என்ன?" என்று ஒரு வரி

அதிகமானவர்கள் சறுக்குவது இங்கேதான். சான்றை எழுதியதும் அடுத்த சான்றுக்குத் தாவிவிடுவார்கள். "சிப்பாய்கள் புலிக்கொடியை ஏற்றினர்" என்று எழுதி முற்றுப்புள்ளி வைத்தால் அது தகவல். திருத்துபவரே அதை வாதத்தோடு முடிச்சுப் போட்டுக்கொள்வார் என்று எதிர்பார்க்கக் கூடாது. "உடை பற்றிய குறை மட்டுமே இருந்திருந்தால், உத்தரவை நீக்கச் சொல்வதோடு நின்றிருப்பார்கள், புதிய மன்னரை அறிவிக்கத் தேவை இருந்திருக்காது" என்று ஒரு வரி சேர்த்ததும் அதே தகவல் சான்றாகிவிடுகிறது.

ஒவ்வொரு சான்றுக்கும் இரண்டு வாக்கியம்: முதலாவது என்ன நடந்தது, இரண்டாவது அது எதைக் காட்டுகிறது. இரண்டாவது வாக்கியம் வரவே மாட்டேன் என்றால், அந்தச் சான்று இந்தக் கேள்விக்கு உரியதல்ல.

ஒரு எச்சரிக்கை. அவள் ஓரிடத்தில் "திப்புவின் மகன்களே இந்தப் புரட்சியைத் திட்டமிட்டு நடத்தினர்" என்று எழுதியிருந்தாள். கொடி ஏற்றியதும் மன்னர் என்று அறிவித்ததும் சிப்பாய்கள் செய்தவை. அதிலிருந்து சிப்பாய்கள் என்ன விரும்பினார்கள் என்று சொல்லலாம். இளவரசர்கள் திட்டமிட்டார்கள் என்று சொல்ல அந்தச் சான்று போதாது. சான்று எதுவரை போகிறதோ, வாக்கியமும் அதுவரைதான் போக வேண்டும். அதனால்தான் நம் வாதத்தில் "குடும்பம் அதே கோட்டையில் இருந்தது" என்று மட்டும் எழுதினோம்.

படி 5: முடிப்பு வரி

"இவ்வாறு வேலூர்ப் புரட்சி நடைபெற்றது" என்று முடித்தால் அந்த வரிக்கு மார்க் இல்லை. "இதுவே இந்தியாவின் முதல் விடுதலைப் போர்" என்று முடித்தால் இன்னும் மோசம். கேட்க வீரமாக இருக்கும், ஆனால் அது புதிய வாதம். அதற்கு மேலே ஒரு சான்றும் தரவில்லை. கடைசி வரியில் புதிய தகவலோ புதிய வாதமோ நுழையக் கூடாது.

கேள்வியின் கனமான சொல்லை மறுபடி எடுத்து அதற்கு நேராகத் தீர்ப்புச் சொல்லுங்கள். இங்கே அந்தச் சொல் "மட்டும்". முதல் வரியை அப்படியே திருப்பி எழுத வேண்டாம். சான்றுகளைப் பார்த்த பிறகு என்ன தெளிவானதோ அதைச் சொல்லுங்கள்.

சேர்த்து எழுதிய பதில்

> புதிய தலைப்பாகை சிப்பாய்களின் கோபத்தைக் கிளப்பியது. அந்தக் கோபம் ஆட்சிக்கு எதிரான புரட்சியாக மாறியதற்கு, திப்பு சுல்தானின் குடும்பம் அதே கோட்டையில் இருந்தது முக்கியக் காரணம்.
>
> 1805 நவம்பரில் அறிமுகமான தலைப்பாகை ஐரோப்பியர் தொப்பியைப் போல இருந்தது. அதில் தோலால் ஆன குஞ்சமும் இருந்தது. நெற்றிக்குறிக்கும் தடை வந்ததால், தங்கள் சமயத்துக்கு ஆபத்து என்று இந்து, முஸ்லிம் சிப்பாய்கள் இருவருமே அஞ்சினர். 1806 மே மாதத்தில் அதை அணிய மறுத்தவர்கள் தண்டிக்கப்பட்டனர். ஆகவே ஜூலைக்கு முன்பே உடை உத்தரவு வெளிப்படையான எதிர்ப்பை உண்டாக்கிவிட்டது.
>
> ஆனால் 1806 ஜூலை 10 அன்று கோட்டையைக் கைப்பற்றிய சிப்பாய்கள் மைசூரின் புலிக்கொடியை ஏற்றி, திப்புவின் மூத்த மகன் ஃபதே ஹைதரை மன்னராக அறிவித்தனர். உடை மட்டுமே குறையாக இருந்திருந்தால் ஆட்சியை மாற்றும் அறிவிப்புக்குத் தேவை இருந்திருக்காது.
>
> புரட்சியை அடக்கிய பின் ஆங்கிலேயர் உடை உத்தரவைத் திரும்பப் பெற்றதோடு, திப்புவின் குடும்பத்தையும் கல்கத்தாவுக்கு அனுப்பினர். இரண்டையுமே ஆபத்தாக அவர்கள் கருதினர் என்பதை இது காட்டுகிறது.
>
> ஆகவே தலைப்பாகை மட்டும் காரணம் அல்ல. அது எதிர்ப்பைத் தொடங்கி வைத்தது, கோட்டைக்குள் இருந்த பழைய அரச குடும்பம் அந்த எதிர்ப்புக்கு ஓர் இலக்கைக் கொடுத்தது.

அவளுடைய இரண்டு பக்கத்தில் பாதிகூட இல்லை. ரஃப் பேப்பருக்கு மூன்று நிமிடம், எழுத ஏழெட்டு நிமிடம் வைத்துக்கொண்டால் போதும். குறைந்த சம்பளத்தைப் பற்றி ஏன் எழுதவில்லை என்று கேட்டாள். அது உண்மையான குறைதான். "காரணங்களை விவரி" என்று கேள்வி வந்தால் கட்டாயம் எழுத வேண்டும். இந்தக் கேள்விக்கும் நான்காவது சான்றாக வைக்கலாம். ஆனால் வைத்தால் முதல் வரியிலேயே அதற்கு இடம் கொடுத்துவிடுங்கள். வாதத்தில் இல்லாத காரணம் நடுவில் திடீரென்று தலைகாட்டினால் பதில் குழம்பும்.

எழுதி முடித்ததும் பார்க்க வேண்டியது

முதல் வரியையும் கடைசி வரியையும் மட்டும் விரலால் காட்டி, நடுவில் உள்ளதை மறைத்துவிட்டுப் படியுங்கள். கேள்விக்கு அந்த இரண்டு வரியிலேயே பதில் கிடைக்க வேண்டும். பிறகு நடுப்பத்திகளில் கடைசி வாக்கியங்களை மட்டும் பாருங்கள். அவை ஒவ்வொன்றும் "அதனால் என்ன?" என்பதற்குப் பதிலாக இருந்தால் சரி. ஏதாவது ஒரு பத்தி வெறும் தேதியிலோ பெயரிலோ முடிந்தால், அங்கே முடிச்சுப் போடவில்லை என்று அர்த்தம்.

இப்போது அதே பன்னிரண்டு குறிப்புகளை வைத்துக்கொண்டு கேள்வியை மட்டும் மாற்றுங்கள்: "வேலூர்ப் புரட்சி ஏன் ஒரே நாளில் அடங்கியது?" நாம் பயன்படுத்திய தலைப்பாகை சான்று பயனற்றுப் போகும். நாம் ஒதுக்கிய ஜில்லெஸ்பி முதல் இடத்துக்கு வருவார்: கோட்டைக்கு வெளியே இருந்த ஓர் ஆங்கில அதிகாரி ஆற்காட்டுக்குச் செய்தி கொண்டுபோனதும், அங்கே குதிரைப்படை தயாராக இருந்ததும், அது அன்று காலையிலேயே வந்து சேர்ந்ததும் சான்றாகும். அந்தப் பெண்ணுக்கு வீட்டுப்பாடமாகக் கொடுத்தது இதைத்தான். முதல் வரியை மட்டும் எழுதிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன்.