ஆய்வுச் சுருக்கத்தின் ஆங்கிலத்தைத் திருத்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மொரீசியசில் தமிழில் ஆய்வேடு எழுதும் பிள்ளைகள் அதன் சுருக்கத்தைச் சொல்லுக்குச் சொல் ஆங்கிலமாக்கிவிட்டு, "அக்கா, கொஞ்சம் திருத்திக் கொடுங்கள்" என்று வருவார்கள். ஆங்கிலத் தாளை மட்டும் கொண்டுவந்தால் நான் தொடுவதில்லை. தமிழ் மூலமும் பக்கத்தில் இருக்க வேண்டும். ஏன் என்பதை ஒரு வாக்கியத்தைக் கொண்டே காட்டுகிறேன். வழக்கமாக வரும் அமைப்பில் நானே எழுதிய மாதிரி இது:

"காவடிச் சிந்துகளை முதியவர்களிடமிருந்து பதிவுசெய்து, அவற்றில் கிரியோல் சொற்கள் கலந்திருக்கும் முறையை ஆராய்ந்து, சந்தத்தைக் காக்கவே இக்கலப்பு நேர்ந்தது எனலாம் என்று இவ்வாய்வு எடுத்துரைக்கிறது."

தமிழில் இதில் குறையில்லை. பதிவுசெய்து, ஆராய்ந்து என்று எச்சங்கள் அடுக்கி வர, கடைசியில் வரும் முற்று எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டிவிடுகிறது. இதை அப்படியே பெயர்த்தால் 'ஹாவிங் ரெக்கார்டட்', 'ஹாவிங் அனலைஸ்ட்' என்று தொடங்கி, படிப்பவர் மூன்றாம் வரி வரை வினைக்காகக் காத்திருக்க வேண்டியதாகிறது.

பலர் செய்யும் முதல் தவறு, அந்த வரிசையைக் கலைக்காமல் சொற்களை மட்டும் மெருகேற்றுவது. 'ஹாவிங்' இருந்த இடத்தில் 'ஆஃப்டர்' வந்துவிடும், சுமை அப்படியே இருக்கும். இன்னும் சிலர் பின்பாதியை மட்டும் மாற்றி, 'ஹாவிங் ரெக்கார்டட்' என்ற தொடருக்கு அடுத்து 'கலப்பு' என்ற சொல்லை எழுவாயாக வைத்துவிடுவார்கள். ஆங்கிலத்தில் அத்தகைய தொடர் தனக்கு அடுத்து வரும் எழுவாயோடு ஒட்டிக்கொள்ளும். ஆகவே கலப்பே போய்ப் பாட்டைப் பதிவுசெய்தது என்று பொருளாகிவிடும்.

நான் முதலில் பென்சிலை எடுத்து, தமிழில் உள்ள ஒவ்வொரு வினைக்கும் கீழே 'யார் செய்தது?' என்று எழுதுவேன். பதிவுசெய்தவரும் ஆராய்ந்தவரும் மாணவி. எடுத்துரைப்பது ஆய்வு. அப்படியானால் ஆங்கிலத்தில் மூன்று வாக்கியங்கள் வேண்டும். முடிந்த வேலையைச் சொல்லும் முதல் இரண்டும் இறந்தகாலத்தில், ஆய்வின் வாதத்தைச் சொல்லும் மூன்றாவது நிகழ்காலத்தில் இருக்கட்டும். 'ஐ' என்று எழுதலாமா, செயப்பாட்டு வினை வேண்டுமா என்பதைத் துறையின் வழக்கத்தைக் கேட்டு முடிவுசெய்யுங்கள்.

அடுத்தது 'த' என்ற சின்னச் சொல். தமிழில் அதற்கு ஈடாக ஒன்று இல்லாததால், எங்கும் தூவிவிட்டால் சரியாகிவிடும் என்று நினைத்துவிடுகிறோம். 'ஃப்ரம் எல்டர்லி சிங்கர்ஸ்' என்றால் முதிய பாடகர்கள் சிலரிடமிருந்து. 'ஃப்ரம் த எல்டர்லி சிங்கர்ஸ்' என்றால், முன்பே சொல்லப்பட்ட அல்லது அங்கிருந்த முதிய பாடகர்கள் அனைவரிடமிருந்தும் என்றாகிவிடும். பன்னிரண்டு பேரிடம் பதிவுசெய்தவர் அனைவரிடமும் பதிவுசெய்ததாகச் சொல்வது இலக்கணப் பிழையைத் தாண்டி உண்மைப் பிழை. ஆய்வேட்டைத் திறந்து எண்ணிக்கையைப் பார்த்து 'ட்வெல்வ்' என்று எழுதிவிட்டால் குழப்பமே இல்லை.

எனக்கு மிகவும் கவலை தரும் தவறு இனிமேல்தான். ஆங்கிலம் சரளமாக ஓடவேண்டும் என்ற அவசரத்தில் 'எனலாம்' காணாமல் போய்விடும். 'எனலாம்' என்று எழுதிய மாணவி உறுதியாக நிறுவவில்லை. சான்றுகள் அந்தப் பக்கம் காட்டுகின்றன என்றுதான் சொல்கிறாள். அதை 'ப்ரூவ்ஸ்' என்று மாற்றினால் அவள் சொல்லாத ஒன்றைச் சொன்னதாகிவிடும், வாய்மொழித் தேர்வில் அதற்கு அவள்தான் பதில் சொல்ல வேண்டும். 'சஜஸ்ட்ஸ்' போதும். 'காக்கவே' என்பதில் உள்ள ஏகாரமும் அப்படித்தான். அதை 'மெயின்லி' என்றால் வேறு காரணங்களும் இருந்ததாகப் பொருள் தரும், விட்டுவிட்டால் அழுத்தமே போய்விடும். 'இட் வாஸ் டு கீப் த மீட்டர் தட்' என்று அந்தப் பகுதியை முன்னால் கொண்டுவந்தால் ஏகாரத்தின் வேலையை ஆங்கில வரிசையே செய்துவிடுகிறது.

நம் தீவுக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. வீட்டில் கிரியோல், செய்தித்தாளில் பிரெஞ்சு, பாடப்புத்தகத்தில் ஆங்கிலம் என்று வளர்கிறோம். அதனால் "மூன்று காவடித் திருவிழாக்களில் கலந்துகொண்டேன்" என்பதற்குப் பிரெஞ்சு 'அசிஸ்தே' நாக்கில் நின்று, தாளில் 'அசிஸ்டட்' என்று விழுகிறது. ஆங்கிலத்தில் அதற்கு உதவி செய்தேன் என்று பொருள். பார்வையாளராகப் போனவர் சடங்குக்குத் துணைநின்றதாகிவிடும். 'அட்டெண்டட்' என்று மாற்றுங்கள். 'இப்போது' என்ற இடத்தில் 'ஆக்சுவலி' வந்தாலும் அதே பிரெஞ்சுக் கலப்புதான்.

ஊர்ச்சொற்களைத் திருத்தாதீர்கள். நம் அரசு விடுமுறைப் பட்டியலில் காவடி 'சி'யில் தொடங்கி இரட்டை 'ஈ'யில் முடிகிறது. இந்திய நூல்களைப் பார்த்து அதைக் 'கே'யில் தொடங்கினால், இங்குள்ள ஆவணங்களோடு ஆய்வு பொருந்தாமல் போகும்.

திருத்தி முடித்ததும் தமிழ்த் தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, ஆங்கிலத்தைப் பார்த்து மாணவியையே தமிழில் வாயால் சொல்லச் சொல்வேன். "சந்தத்தைக் காக்கத்தான் கலந்திருக்கலாம் போல" என்று அவள் வாயில் வந்தால் ஏகாரமும் எனலாமும் பிழைத்துக்கொண்டன. "காரணம் இதுதான்" என்று அடித்துச் சொன்னால் மூன்றாவது வாக்கியத்துக்குத் திரும்பிப் போவோம்.