ஆறு மாத விற்பனையில் ஒரு கோடு: அடுத்த காலாண்டைக் கணிக்கும்போது எங்கே தவறுகிறோம்

மதுரையில் நான் கணக்கு பார்க்கும் கடைகளில் ஒன்று சுங்குடிச் சேலைக் கடை. 2025 ஜூலை முதல் வாரத்தில் கடைக்காரரின் மகன் மடிக்கணினியோடு வந்தார். “சார், ஜனவரியிலேருந்து ஜூன் வரைக்கும் போட்டு ட்ரெண்ட் லைன் எடுத்துட்டேன். செப்டம்பர்ல 545 சேலை போகும்னு வருது. அப்பா இப்பவே சரக்குச் சொல்லிடலாமான்னு கேக்குறாரு” என்றார்.

சுங்குடியை நினைத்த அன்றே வாங்கிவிட முடியாது. முடிச்சுப் போட ஆள் வேண்டும், சாயம் ஏற வேண்டும், காய வேண்டும். முன்பணம் கொடுத்துப் பல வாரம் முன்பே சொல்லி வைத்தால்தான் சரக்கு வரும். அதனால் அவர் கணக்குப் போட்டது சரியான காரியம்தான். கோடு போட்ட விதத்தில்தான் கோளாறு. அவர் காட்டிய விற்பனை இது (கடையின் உண்மை எண்களைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன்): ஜனவரி 313, பிப்ரவரி 290, மார்ச் 360, ஏப்ரல் 450, மே 470, ஜூன் 397.

எக்செல் தாளில் A பத்தியில் 1 முதல் 6 வரை மாத எண், B பத்தியில் விற்பனை. ஜூலை ஏழாவது மாதம் என்பதால்:

```
=FORECAST.LINEAR(7,$B$2:$B$7,$A$2:$A$7)
```

7 இருக்கும் இடத்தில் 8, 9 என்று மாற்றினால் ஆகஸ்டும் செப்டம்பரும் கிடைக்கும். மூன்று மாதத்துக்கும் 485, 515, 545. மொத்தம் 1,545 சேலை. கூட்டல் கழித்தலில் எந்தப் பிழையும் இல்லை. கோட்டின் சாய்வு மாதத்துக்குச் சரியாக 30 சேலை. ஆறு மாதச் சராசரி 380. அங்கிருந்து மாதம் 30 ஏறிக்கொண்டே போகும் என்கிறது கோடு.

ஏறுமா? சுங்குடி பருத்திச் சேலை. மார்ச்சில் வெயில் ஏறும்போது விற்பனையும் ஏறும். சித்திரைத் திருவிழாவுக்கு வெளியூரிலிருந்து வரும் கூட்டம் அதை இன்னும் தூக்கும். மே முடிந்தால் இறங்கும். ஆடியில் பெரிய ஜவுளிக் கடைகள் தள்ளுபடி போடும், முகூர்த்தமும் இருக்காது. இது மேடு போன்ற வடிவம். மேட்டின் ஏறும் பக்கத்தை மட்டும் பார்த்துக் கோடு போட்டால், அது மேட்டைத் தாண்டி ஆகாயத்துக்குத்தான் போகும். கோட்டுக்குப் பருவம் தெரியாது, ஏற்றம் இறக்கம் மட்டும்தான் தெரியும். ஓர் ஆண்டுக்குக் குறைவான மாதக் கணக்கில் கோடு போடும்போது, வியாபாரம் வளர்ந்ததால் வந்த ஏற்றம் எது, வெயிலால் வந்த ஏற்றம் எது என்று அதனால் பிரித்துப் பார்க்க முடியாது.

இதைக் கண்டுபிடிக்க ஓர் எளிய சோதனை இருக்கிறது. ஒவ்வொரு மாதமும் உண்மை விற்பனையிலிருந்து கோடு சொல்லும் எண்ணைக் கழித்துப் பாருங்கள். இங்கே வருவது: +8, -45, -5, +55, +45, -58. நேர்க்கோடு பொருந்தும் கணக்கில் இந்த வித்தியாசங்கள் முன்னும் பின்னுமாகக் கலைந்து கிடக்கும். இங்கேயோ ஏப்ரலும் மேயும் சேர்ந்து கோட்டுக்கு நன்றாக மேலே நிற்கின்றன, ஜூன் பொத்தென்று கீழே விழுகிறது. ஆறே எண்கள் என்பதால் இதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஆனால் கடையின் பருவம் தெரிந்தவருக்கு இந்த வடிவத்தைப் பார்த்ததும் புரிந்துவிடும்.

தம்பி அடுத்து கேட்டது R² பற்றி. வரைபடத்தில் அது 0.60 என்று காட்டியது. “ஜூனை எடுத்துட்டா 0.87 வருது சார், அப்போ அதுதானே நல்ல கோடு?” என்றார். இந்தத் தவற்றை நிறையப் பேர் செய்கிறார்கள். ஜனவரி முதல் மே வரை மட்டும் எடுத்தால் R² ஏறுவது உண்மைதான். ஆனால் அந்தக் கோட்டின்படி ஜூலை முதல் செப்டம்பர் வரை 1,841 சேலை விற்க வேண்டும்! கையில் இருக்கும் புள்ளிகளோடு கோடு எவ்வளவு ஒட்டுகிறது என்பதைத்தான் R² சொல்லும். வரப்போகும் மாதத்தைப் பற்றி அது எதுவும் சொல்லாது. இறக்கம் தொடங்கிவிட்டது என்று காட்டிய ஒரே மாதம் ஜூன். அதை நீக்கியதால் கோடு அழகானது, கணிப்பு இன்னும் கெட்டது.

சரி, ஜூனை நீக்கக் கூடாது. ஆனால் அதற்குள் என்ன இருக்கிறது என்று பார்த்தே ஆக வேண்டும். பில்லைப் புரட்டினேன். 397-ல் 60 சேலை ஒரே ஆளுக்குப் போயிருந்தது. ஒரு வீட்டு விசேஷத்துக்கு மொத்தமாக வாங்கியது, ஜூலையில் மறுபடி வரப்போவதில்லை. அந்த 60-ஐக் கழித்துவிட்டுக் கோடு போட்டால் மூன்று மாத மொத்தம் 1,545-லிருந்து 1,399 ஆகிறது. 146 சேலை குறைந்துவிட்டது. இதே 60 மார்ச்சில் வந்திருந்தால்? அதையும் போட்டுப் பார்த்தோம். மொத்தம் 1,538, வெறும் 7-தான் குறைகிறது. கோடு ஒரு ஏற்றப் பலகை மாதிரி. நடுவில் உட்காருபவரால் அது அவ்வளவாக அசையாது, ஓரத்தில் உட்காருபவர் சாய்த்துவிடுவார். நாம் கணிப்பதோ ஓரத்துக்கும் அப்பால். அதனால் கடைசி மாதத்தையும் முதல் மாதத்தையும்தான் பில் வாரியாகப் பார்க்க வேண்டும். மாதம் முடியுமுன்பே, 20-ஆம் தேதி வரையான விற்பனையை முழு மாதக் கணக்காகப் போட்டாலும் இதே கதிதான், எதிர்ப்பக்கமாக.

அப்புறம், ஒற்றை எண்ணை நம்புவது. 515 என்று திரையில் வந்ததும் அது அளந்து எடுத்தது போலத் தோன்றிவிடுகிறது. இந்தக் கோடு பழைய மாதங்களிலேயே எவ்வளவு தவறுகிறது என்று பார்க்க ஒரு வாய்ப்பாடு உண்டு:

```
=STEYX(B2:B7,A2:A7)
```

விடை 51. இது சராசரியாக ஒரு மாதத்தில் கோடு விலகும் அளவு, தோராயமாக. ஆகஸ்ட் என்பது புள்ளிகளுக்கு வெளியே தள்ளி இருப்பதால் இதை ஒன்றரை மடங்கு ஆக்க வேண்டும். ஆறே மாதத்தை வைத்துக் கணித்ததால் அதை இன்னொரு 2.8-ஆல் பெருக்க வேண்டும். தசமங்களை விடாமல் பெருக்கினால் கிட்டத்தட்ட 217 வருகிறது. அதாவது ஆகஸ்டில் 298-க்கும் 732-க்கும் நடுவில் எங்கேயாவது இருக்கும் என்பதே, நூற்றுக்கு 95 தடவை என்ற கணக்கில், இந்தக் கோடு சொல்லக்கூடியது. அதுவும் விற்பனை நேர்க்கோட்டில்தான் போகிறது என்று ஒப்புக்கொண்டால். 298-க்கும் 732-க்கும் ஒரே சரக்கை எப்படிச் சொல்வது? தம்பி இதைப் பார்த்ததும்தான் மடிக்கணினியை மூடினார்.

வரைபடத்திலிருந்து கோட்டின் சமன்பாட்டை எடுத்து எழுதுபவர்களுக்கு ஒரு சின்ன எச்சரிக்கை. மாத எண்ணுக்குப் பதில் தேதியைப் போட்டுப் புள்ளி வரைபடம் எடுத்தால், எக்செல் தேதியை ஓர் எண்ணாகத்தான் பார்க்கும். 2025 ஜூலை 1 அதற்கு 45839. அப்போது சாய்வு ஒரு நாளைக்கு 0.9908 என்று வரும். அதை 0.99 என்று எழுதிவிட்டால், விட்டுப்போன 0.0008 அந்தப் பெரிய எண்ணோடு பெருகி 36 சேலையை விழுங்கிவிடும். மாதங்களுக்கு 1, 2, 3 என்று கொடுப்பதே நல்லது.

அப்போ என்னதான் செய்தோம்? 2024-இன் பேரேட்டை எடுத்தோம். முதல் ஆறு மாதம்: 290, 270, 330, 455, 405, 370. மொத்தம் 2,120. 2025-இல் அதே ஆறு மாதம் 2,280. வளர்ச்சி சுமார் ஏழரை சதவீதம். இங்கேயும் ஒரு குழி உண்டு. ஏப்ரலை மட்டும் பார்த்தால் 455-லிருந்து 450, வியாபாரம் தேங்கிவிட்டது போல் தோன்றும். மேயை மட்டும் பார்த்தால் 405-லிருந்து 470, பதினாறு சதவீதம் பாய்ச்சல். இரண்டுமே உண்மையில்லை. அழகர் ஆற்றில் இறங்கியது 2024-இல் ஏப்ரல் 23, 2025-இல் மே 12. திருவிழா நகர்ந்தது, விற்பனையும் அதோடு நகர்ந்தது. இரண்டு மாதத்தையும் கூட்டிப் பார்த்தால் 860-லிருந்து 920, ஏழு சதவீதம். மொத்த வளர்ச்சியோடு ஒத்துப்போகிறது. மதுரையில் ஏப்ரலையும் மேயையும் தனித்தனியாக ஒப்பிடவே கூடாது என்பது என் கருத்து.

2024 ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் விற்பனை 310, 305, 285. மொத்தம் 900. ஏழரை சதவீதம் கூட்டினால் சுமார் 968. கோடு சொன்ன 1,545-ஐ நம்பியிருந்தால் கூடுதலாக 577 சேலைக்குச் சொல்லியிருப்பார்கள். ஒரு சேலை வாங்கும் விலை 600 ரூபாய் என்று வைத்தாலும் மூன்றரை லட்சம் அலமாரியில் முடங்கியிருக்கும். 850-க்கு உடனே சொன்னோம். மீதியை ஆடி முடிந்த பின் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டோம். முடிச்சுப் போடுபவர்களிடமும் அதைச் சொல்லி வைத்தார் கடைக்காரர்.

விற்றது எவ்வளவு? ஜூலை 318, ஆகஸ்ட் 322, செப்டம்பர் 345. மொத்தம் 985. மொத்தத்தில் 17 சேலைதான் பிசகு. ஆனால் செப்டம்பரை மட்டும் எடுத்தால் நாங்கள் 307 என்று நினைத்தோம், 38 கூடுதலாகப் போனது. காரணம் நான் கவனித்திருக்க வேண்டியது: 2024-இல் நவராத்திரி அக்டோபர் 3-இல் தொடங்கியது, 2025-இல் செப்டம்பர் கடைசி வாரத்திலேயே வந்துவிட்டது. தீபாவளியும் அக்டோபர் 31-லிருந்து 20-க்கு முன்னேறியிருந்தது. கொலுவுக்கு வருபவர்களுக்கு வைத்துக் கொடுக்க வாங்கும் சேலை செப்டம்பர் கணக்கில் விழுந்தது. போன ஆண்டின் அதே மாதத்தோடு ஒப்பிடும் முறையும் இந்த இடத்தில் தடுக்கிவிடும்.

இப்போது அந்தத் தாளில் விற்பனைக்குப் பக்கத்தில் மூன்று பத்திகள் சேர்த்திருக்கிறோம். அந்த மாதத்தில் விழுந்த பண்டிகை, மொத்தமாக ஒரே ஆளுக்குப் போன சேலை, சரக்கு இல்லாமல் திரும்பிப் போனவர்கள். கடைசிப் பத்தியை மகன்தான் கேட்டார். சரக்குத் தீர்ந்த மாதத்தில் விற்பனை எண் குறைவாகத்தான் இருக்கும், கேட்டு வந்தவர்கள் குறைந்ததால் அல்ல. 2026-இல் நவராத்திரி மறுபடி அக்டோபர் 11-க்குத் தள்ளிப்போகிறது. அதனால் 345-ஐ அடிப்படையாக வைத்து அந்தச் செப்டம்பரைக் கணிக்க மாட்டோம். செப்டம்பரையும் அக்டோபரையும் கூட்டி ஒரே எண்ணாக எடுத்து, பிறகுதான் பிரிப்போம் என்று பத்தியின் தலைப்பிலேயே எழுதி வைத்திருக்கிறார்.