வெள்ளத்துக்கு அப்புறம் வீடு கட்டும்போது கடக்கால் ஆழத்துல நடக்குற தப்புகள்: கொத்தனார் மூணு அடின்னாரு, இன்ஜினியர் அஞ்சு அடின்னாரு

2023 டிசம்பர் 17, 18ல பெஞ்ச மழை எங்க ஊர்ப்பக்கம் யாருக்கும் மறக்காது. காயல்பட்டினத்துல மட்டும் ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர். தாமிரபரணி கரை மீறி, குளங்கள் உடைஞ்சு, ஸ்ரீவைகுண்டம் ஏரல் பக்கம் தண்ணி எந்தப் பக்கம் இருந்து வருதுன்னே தெரியாம வந்துச்சு. ஏரல் பக்கம் எங்க சித்தப்பா வீடு விழுந்தது அப்பதான். அடுத்த மாசி மாசம் அதே மனைல புது வீடு போட ஆரம்பிச்சப்ப கூடமாட நின்னவன் நான், அங்க நடந்த ஒரு சண்டையத்தான் எழுதுறேன், ஏன்னா வெள்ளத்துக்குப் பிறகு கட்டுற எல்லாரும் பண்ற தப்பு மொத்தமும் அந்த ஒரு சண்டைக்குள்ள இருந்துச்சு.

கொத்தனாருக்கு அறுபது வயசு இருக்கும், அந்தத் தெருவுல பாதி வீடு அவரு கை வச்சது. இன்ஜினியர் படிச்சு முடிச்சு மூணு வருஷம் ஆன பையன், நல்ல பையன், வெயில்ல நிக்க யோசிக்கவே மாட்டான். வானம்னு சொல்ற கடக்கால் பள்ளம் தோண்ட சுண்ணாம்புல கோடு போடுற அன்னிக்கே சண்டை ஆரம்பிச்சுது.

"மூணு அடி போதும் தம்பி, இந்த மண்ணு எனக்குத் தெரியும்."

"இல்ல அண்ணாச்சி, இவ்வளவு பெரிய வெள்ளம் வந்து வீடே போயிருக்கு, அஞ்சு அடி போவோம்."

"வீடு போனது சரி, கடக்கால் போச்சா? நீங்க பாத்தீங்களா?"

இந்தக் கேள்விதான் முக்கியம். வீடு விழுந்துச்சுன்னா உடனே அஸ்திவாரம் பத்தலன்னு முடிவு பண்றதுதான் முதல் தப்பு. சித்தப்பா வீடு மண்ணு சாந்து வச்சுக் கட்டின பழைய செங்கல் செவுரு, ரெண்டு நாள் தண்ணி நின்னதுல அடி ஊறி சாந்து கரைஞ்சு செவுரு உக்காந்துருச்சு. இடிபாட்ட அள்ளிட்டுப் பாத்தா கருங்கல் கட்டு நேரா அப்படியே கெடக்கு. அந்த மாதிரி விழுந்த வீட்டுக்கு பத்தடி ஆழம் தோண்டியிருந்தாலும் விழுந்துதான் இருக்கும். கொத்தனார் சொன்னது இதத்தான்.

ஆனா இன்ஜினியர் பையன் அதோட விடல. தண்ணி நிரப்பி மட்டம் பாக்குற டியூப் லெவல் புடிச்சு பழைய கருங்கல் கட்டோட தலைய நாலு மூலையிலயும் பாத்தான். மூணு மூலை ஒரே மட்டம், வடமேற்கு மூலை மட்டும் நாலு இஞ்ச் கீழ. கண்ணுக்கு அது தெரியவே இல்ல, கொத்தனாரே ரெண்டு தடவ டியூப்ப புடிச்சுப் பாத்துட்டு ஒண்ணும் பேசாம நின்னாரு. குளத்துத் தண்ணி வந்த பக்கம் அந்த மூலைதான். ஓடுற தண்ணி ஒரு கட்டடத்துல மோதுனா மூலையச் சுத்திச் சுழலும், அந்தச் சுழல் அடில உள்ள மண்ண அரிச்சு எடுத்துரும், கல்லுக்கு அடில ஆதாரம் இல்லாமப் போய் இறங்கிரும். அப்ப ஒரே வீட்டுலயே மூணு மூலைக்கு கொத்தனார் சொன்னது சரி, ஒரு மூலைக்கு இன்ஜினியர் பயந்தது சரி. பழைய கடக்கால் மட்டம் பாக்காம இடிச்சு அள்ளிக் கொண்டு போய்க் கொட்டிட்டா இந்த விவரம் மொத்தமும் போயிரும், அதனால ஜேசிபிய கூப்பிடுறதுக்கு முன்னாடி அர நாள் செலவு பண்ணி மட்டம் பாத்துருங்க.

அடுத்த தப்பு இன்னும் சாதாரணமா நடக்குறது: ஆழத்த எங்க இருந்து அளக்குறது? வெள்ளம் அந்த மனைல வண்டல் கொண்டு வந்து போட்டிருந்துச்சு, பாக்க அதுவே தரை மாதிரி காஞ்சு வெடிச்சு இருக்கு. ஒரு ஓரமா ரெண்டடிக்கு ரெண்டடி குழி வெட்டிப் பாத்தப்ப ஒண்ணேகால் அடிக்குக் கீழ கறுப்பா ஒரு கோடு, மக்கிப்போன புல்லு வேரு, ஒரு பிளாஸ்டிக் கவரு. அதுதான் பழைய தரை. பக்கத்து வீட்டு அடிப் படியும் அதே மட்டத்துலதான் புதைஞ்சு கெடந்துச்சு. இதப் பாக்காம ஆளுங்க மேல் மட்டத்துல இருந்து டேப் வச்சு கொத்தனாரோட மூணு அடிய அளந்திருந்தா உண்மையான ஆழம் ஒண்ணேமுக்கா அடிதான். வெள்ளம் போட்ட வண்டல ஆழக் கணக்குல சேக்கவே கூடாது, அது அடுத்த தண்ணியில போயிரும். கடக்காலுக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 1904 சொல்ற அம்பது சென்டிமீட்டர் குறைஞ்ச ஆழம்கூட இயற்கையான தரைக்குக் கீழதான், அதுவும் குறைஞ்சபட்சம் மட்டும்தான், நம்ம மண்ணுக்கு அது போதும்னு அர்த்தம் இல்ல. நாங்க பழைய தரை மட்டத்த பக்கத்து வீட்டு செவுருல ஆணி அடிச்சு பெயிண்ட்ல கோடு போட்டுட்டோம், அதுக்கு அப்புறம் எல்லா அளவும் அந்தக் கோட்டுல இருந்துதான்.

இப்ப ஆழம். அதிக ஆழம்னா அதிக பலம்னு நெனைக்குறது படிச்சவங்க பண்ற தப்பு, இதுல அந்தப் பையன் மாட்டினான், நானும் அவன் பக்கம்தான் இருந்தேன். கொத்தனார் அதே குழிய கடப்பாறைய வச்சு கீழ கீழ தோண்ட வச்சாரு. பழைய தரைல இருந்து ரெண்டு அடி வரைக்கும் பொலபொலன்னு தோட்ட மண்ணு. ரெண்டு அடிக்குக் கீழ கடப்பாறை குத்தினா ரெண்டு இஞ்ச் கூட இறங்கல, சரள் கலந்த இறுகின மண்ணு. அது அஞ்சரை அடி வரைக்கும் போச்சு. அதுக்குக் கீழ கருநீலமா களி, பெருவிரல் வச்சு அழுத்தினா உள்ள போகுது, அஞ்சு நிமிஷத்துல தண்ணி ஊறி நிக்குது.

"இப்ப சொல்லுங்க தம்பி, அஞ்சு அடி போவோமா?"

பையன் அங்கேயே உக்காந்து கணக்கு போட்டான், எனக்குப் புரியுற மாதிரி சொல்லியும் காட்டினான். தரைத்தளம் மட்டும் உள்ள வீடு, ஒம்போது இஞ்ச் செவுரு, மேல கான்கிரீட், கடக்கால் கல்லு எல்லாம் சேத்து ஒரு அடி நீளச் செவுருக்கு சுமார் 1.2 டன். கடக்கால் அடி அகலம் மூணு அடின்னா ஒரு சதுர அடிக்கு 0.4 டன். பாரம் கீழ போகப் போக விரியும், ரெண்டு அடி இறங்கினா பக்கத்துக்கு ஒரு அடின்னு தோராயமா எடுத்துக்கலாம். மூணரை அடில அஸ்திவாரம் உக்காந்தா கீழ இன்னும் ரெண்டு அடி கெட்டி மண்ணு மிச்சம், களிய தொடும்போது அகலம் அஞ்சு அடியா ஆயிரும், அங்க சதுர அடிக்கு 0.24 டன்தான். அஞ்சு அடி தோண்டினா மிச்சம் அரை அடிதான், விரியவே இடம் இல்ல, களி மேல 0.34 டன் போயிரும், ஆழமாப் போன கல்லோட பாரம் தனி. அதாவது காச அதிகம் செலவு பண்ணி, நமக்காக இயற்கை போட்டு வச்ச கெட்டித் தட்ட ஒடைச்சு, வீட்ட களிகிட்ட கொண்டு போய் வச்சிருப்போம். இது எல்லா மனைக்கும் பொருந்தாது, அதையும் சொல்லிரணும். கரிசல் மண்ணுன்னா கதையே வேற, அது தண்ணி குடிச்சா உப்பும் காஞ்சா சுருங்கும், அங்க அந்த உப்பல் சுருங்கல் நடக்காத ஆழம் வரைக்கும் போயே ஆகணும், சில இடத்துல ஆழமா தூண் மாதிரி இறக்குற பைல் போடாம முடியாது. எங்க மனைக்கு எத்தன அடின்னு ஊர்ல கேக்குறதும் தப்பு, இன்னொரு வீட்டு டிராயிங்க பாத்து எழுதுறதும் தப்பு, குழி வெட்டிப் பாக்கணும், அதுவும் ஒரு குழி பத்தாது.

ரெண்டாவது குழிய வடமேற்கு மூலையில வெட்டினப்ப கொத்தனாரே அசந்துட்டாரு. மேல பாத்தா எல்லா இடம் மாதிரிதான் இருக்கு, ஆனா அங்க கடப்பாறை பழைய தரைல இருந்து மூணரை அடி வரைக்கும் வெண்ணெயில போற மாதிரி போகுது. வெள்ளம் அரிச்ச பள்ளத்த வடியும்போது அதே வெள்ளமே மணலும் சகதியும் போட்டு மூடிட்டுப் போயிருக்கு. கெட்டி மண்ணு மூணரை அடியிலதான் ஆரம்பிக்குது. இவரு சொன்ன மூணு அடிய அந்த மூலைலயும் போட்டிருந்தா கடக்கால் அந்தச் சகதி மேல உக்காந்திருக்கும். "முப்பது வருஷமா தெரிஞ்ச மண்ணு"ங்குறது வெள்ளத்துக்கு முன்னாடி இருந்த மண்ணு, இத கொத்தனாருங்க மனசுல வச்சுக்கணும்.

கடைசியா முடிவானது இது. மத்த இடம் எல்லாம் பழைய தரைல இருந்து மூணரை அடி, அடி அகலம் மூணு அடி. வடமேற்கு மூலையில சகதி மொத்தத்தையும் அள்ளிட்டு நாலேகால் அடி, அகலம் நாலு அடி, அங்க கெட்டி மண்ணு ஒண்ணேகால் அடிதான் மிச்சம்ங்குறதால அகலத்த கூட்டினது. மூணரைல இருந்து நாலேகாலுக்கு சரிவா இறக்கக்கூடாது, ஒம்போது இஞ்ச் படியா இறக்கி ரெண்டு மட்டத்துக்கும் அடி தட்டையா இருக்கணும். கடக்கால் மேல வீட்டச் சுத்தி கம்பி வச்ச ஒரே பெல்ட் கான்கிரீட், மூலையில கம்பி நல்லா மடிச்சு ஏறிப் போகணும், ஒரு மூலை லேசா இறங்கினாலும் செவுரு கீறாம அது தாங்கும். அந்த மூலைக்கு வெளிய அஞ்சு அடி அகலத்துக்கு பெரிய கருங்கல்லா அடுக்கிட்டோம், தண்ணி மறுபடி சுழன்டா முதல்ல அந்தக் கல்லத்தான் புரட்டணும்.

வேலை நடக்கும்போதும் ஒரு தப்பு நடந்துச்சு. ஜேசிபிக்காரர் தெக்கு செவுருப் பக்கம் அரை அடி கூடத் தோண்டிட்டாரு, உடனே ஆளுங்க தோண்டின மண்ணையே தள்ளி மட்டம் பண்ணப் போனாங்க. கொத்தனாரும் இன்ஜினியரும் ஒரே நேரத்துல கத்தினது அப்பத்தான். அள்ளின மண்ண திருப்பிப் போட்டு திமுசுக்கட்டையால இடிச்சாலும் அது பழைய கெட்டிக்கு வராது, அந்தப் பள்ளத்த கான்கிரீட் போட்டுத்தான் நிரப்பணும். அதுக்கப்புறம் கடைசி அரை அடிய ஆள் வச்சு கையாலதான் வெட்டினோம், வெட்டின அன்னிக்கே கம்பி இல்லாத அடி கான்கிரீட்டான பிசிசி போட்டோம், ஏன்னா வானத்த ரெண்டு நாள் தொறந்து வச்சா அடி மண்ணு ஊறி சகதியாயிரும், அது மேல எவ்வளவு நல்ல கான்கிரீட் போட்டும் பிரயோஜனம் இல்ல.

சித்தி மட்டும் ஒரு கேள்வி கேட்டாங்க, இவ்வளவு தோண்டுனீங்களே, அடுத்த தடவ தண்ணி உள்ள வராதுல்லன்னு. ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. கடக்கால் ஆழத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல, தண்ணி வராம இருக்க பேஸ்மட்டம்தான் உயரணும். பக்கத்து வீட்டு செவுருல வெள்ளக் கறை பழைய தரைல இருந்து மூணரை அடில தெரிஞ்சுச்சு, பேஸ்மட்டத்த நாலரை அடியா ஏத்தினோம், உள்ள கிராவல அரை அடி அரை அடியா போட்டு தண்ணி விட்டு இடிச்சுத்தான் நிரப்பினோம், மொத்தமா கொட்டி நிரப்பினா தரை டைல்ஸ் உக்காந்துரும். அந்த உயரத்துக்காக வாசல்ல ஏழு படி வைக்க வேண்டியதாப் போச்சு, சித்தப்பாவுக்கு மூட்டுவலி, அதனால கொத்தனார் ஒவ்வொரு படியையும் அகலமா வச்சு பக்கத்துல ஒரு கைப்பிடிச் செவுரு எழுப்பினாரு, அது டிராயிங்ல கிடையாது, மறுநாள் வந்த பையன் அதையும் வரைஞ்சு சேத்துக்கிட்டான்.