பொருளைப் பார்த்து வகை பிரிப்பதால் வரும் தவறுகள்

நுகர்பொருட்களை வசதிப் பொருள், ஒப்பிட்டு வாங்கும் பொருள், தனிச்சிறப்புப் பொருள், நாடப்படாத பொருள் என்று நான்காகப் பிரிப்பதை வணிகவியல் படித்த அனைவரும் அறிவர். சோப்பும் தீப்பெட்டியும் முதல் வகை, புடவையும் கட்டிலும் இரண்டாவது வகை, விலையுயர்ந்த கைக்கடிகாரம் மூன்றாவது வகை, ஆயுள் காப்பீடு நான்காவது வகை என்று தேர்வுக்கு மனப்பாடம் செய்தவர்கள், பிறகு கடலூரிலோ புதுச்சேரியிலோ சொந்தமாகத் தொழில் தொடங்கும்போதும் அதே பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தம் பொருள் எந்த வரிசையில் இருக்கிறது என்று தேடுகிறார்கள். பெரும்பாலான தவறுகள் இங்கேதான் தொடங்குகின்றன. 1923இல் ஹார்வர்டு வணிகப் பள்ளியின் பேராசிரியர் மெல்வின் கோப்லண்ட் முதல் மூன்று வகைகளை விளக்கியபோது, மக்கள் எப்படி வாங்குகிறார்கள் என்பதையே அடிப்படையாகக் கொண்டார். நான்காவது வகை பின்னால் வந்தவர்கள் சேர்த்தது. ஒரே பொருள் ஒருவருக்கு வசதிப் பொருளாகவும் இன்னொருவருக்கு ஒப்பிட்டு வாங்கும் பொருளாகவும் இருக்கலாம் என்பதை 1958இல் அமெரிக்கப் பொருளியலாளர் ரிச்சர்ட் ஹோல்டன் தெளிவாக எழுதினார்: கூடுதலாக அலைந்து தேடினால் கிடைக்கும் ஆதாயம் அந்த அலைச்சலுக்குத் தகுந்ததுதானா என்று வாங்குபவர் போடும் கணக்கே வகையைத் தீர்மானிக்கிறது.

ஆகவே முதல் தவறு, பொருளின் முகத்தைப் பார்த்து வகை சொல்வது. இதைத் தவிர்க்க எளிய வழி ஒன்று உண்டு. கேட்ட பொருள் கடையில் இல்லை என்று சொன்னவுடன் வாடிக்கையாளர் என்ன செய்கிறார் என்பதைக் கவனிக்க வேண்டும். இருப்பதை எடுத்துக்கொண்டு போனால் அவருக்கு அது வசதிப் பொருள். அடுத்த இரண்டு மூன்று கடைகளில் விலையும் தரமும் பார்த்துவிட்டு வருகிறேன் என்றால் ஒப்பிட்டு வாங்கும் பொருள். எப்போது வரும் என்று கேட்டுவிட்டு, வேறு எதையும் தொடாமல், அந்த நாளில் திரும்பி வந்தால் தனிச்சிறப்புப் பொருள். அந்தப் பொருளைக் கேட்டே யாரும் வருவதில்லை என்றால் அது நாடப்படாத பொருள். ஒரு மாதம் கல்லாவுக்கு அருகில் ஒரு நோட்டை வைத்து இந்த நான்கையும் குறித்துவந்தால், பாடநூல் தராத தெளிவு கிடைக்கும்.

இந்தத் தவறு எவ்வளவு செலவு வைக்கும் என்பதற்கு மரச்செக்குக் கடலை எண்ணெயை எடுத்துக்கொள்வோம். விருத்தாசலத்தைச் சுற்றியுள்ள பகுதி நிலக்கடலைக்குப் பெயர் பெற்றது. அங்குள்ள ஆராய்ச்சி நிலையத்தில் உருவான வி.ஆர்.ஐ. இரகங்களை உழவர்கள் நன்கு அறிவார்கள். அந்தக் கடலையை வாங்கி ஆட்டி, கடலூர் நகரில் விற்கும் ஒரு செக்கு உரிமையாளரைக் கற்பனை செய்துகொள்ளலாம். ஒரு லிட்டர் எண்ணெய்க்கு ஏறத்தாழ இரண்டரை கிலோ பருப்பு வேண்டும். புண்ணாக்கை விற்று வரும் பணத்தைக் கழித்த பிறகு, பாட்டிலோடு சேர்த்து லிட்டருக்கு 260 ரூபாய் அடக்கம் ஆகிறது என்றும், விற்பனை விலை 320 ரூபாய் என்றும் கணக்குக்காக வைத்துக்கொள்வோம்.

சமையல் எண்ணெய் என்பது அன்றாடப் பண்டம், அன்றாடப் பண்டம் என்பது வசதிப் பொருள், வசதிப் பொருள் என்றால் எல்லாக் கடைகளிலும் இருக்க வேண்டும் என்று அவர் முடிவு செய்கிறார். மஞ்சக்குப்பம் முதல் முதுநகர் வரை 40 மளிகைக் கடைகளில், கடைக்குப் 10 பாட்டில் வீதம் வைக்கிறார். 400 பாட்டில்களில் 1,04,000 ரூபாய் முடங்குகிறது. மளிகைக் கடைக்காரருக்குப் பாக்கெட் எண்ணெயில் கிடைக்கும் லாபம் குறைவு. ஆனால் அது நாள்தோறும் நகர்வதால் அவருக்குக் கட்டுப்படியாகிறது. மெதுவாக நகரும் பாட்டிலுக்கு அவர் 15 விழுக்காடு கழிவு கேட்பதும், விற்காததைத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொல்வதும் நியாயமே. கடைக்கு மாதம் மூன்று பாட்டில் விற்றால் மொத்தம் 120. கழிவு 48 ரூபாய் போக, பாட்டிலுக்கு மிஞ்சுவது 12 ரூபாய், மாதத்துக்கு 1,440 ரூபாய். அதற்குள்ளிருந்துதான் 40 கடைகளுக்கும் வண்டி ஓட்டும் பெட்ரோல் செலவும், திரும்பி வரும் பாட்டில்களின் நட்டமும் போக வேண்டும். வைத்த சரக்கு தீர மூன்று மாதத்துக்கு மேல் ஆகும். அதற்குள் வெயில் படும் அலமாரியில் இருந்த பாட்டில்களில் காறல் வாடை தொடங்கியிருக்கும். செக்குக் கூடத்திலேயே 24 பாட்டில் விற்றால் அதே 1,440 ரூபாய் வந்துவிடும் என்பதை இந்தக் கணக்கோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

எங்கே பிழை? வீட்டில் எண்ணெய் தீர்ந்து, அடுப்பில் வாணலி இருக்கும்போது தெருமுனைக் கடைக்கு ஓடி வருபவர் 320 ரூபாய் பாட்டிலை எடுப்பதில்லை. கைக்கு எட்டும் பாக்கெட்டை எடுக்கிறார். செக்கு எண்ணெய் வேண்டும் என்று உறுதியாக இருப்பவரோ தெருமுனைக் கடையை நம்பி வாங்குவதில்லை; ஆட்டும் இடத்துக்கே வருகிறார். இவருக்கு அது தனிச்சிறப்புப் பொருள். பல கடைகளில் பரப்பி வைப்பதால் இவரிடம் கூடுதல் விற்பனை வராது. மாறாக, எங்கும் கிடைக்கும் பொருளுக்கு இத்தனை விலையா என்ற ஐயம் எழும். தள்ளுபடி தருவதும் இதே போன்ற பிழைதான். மாதம் மூன்று லிட்டர் செலவாகும் வீட்டில், பத்து ரூபாய் குறைத்ததற்காக நான்கு லிட்டர் ஊற்றிச் சமைக்க மாட்டார்கள். இவர்களுக்குச் செய்ய வேண்டிய முயற்சி வேறு: எந்தக் கிழமை கடலை எண்ணெய், எந்தக் கிழமை நல்லெண்ணெய் ஆட்டப்படும் என்பதை வாட்ஸ்அப்பில் முன்கூட்டியே தெரிவிப்பது, மாத முன்பதிவு வாங்குவது, சொன்ன நாளில் எண்ணெய் இல்லாமல் போகாமல் பார்த்துக்கொள்வது. தனிச்சிறப்புப் பொருளை நாடி வருபவர் தொலைவைப் பொறுத்துக்கொள்வார். வந்த பிறகு இல்லை என்று திருப்பி அனுப்பப்படுவதைப் பொறுத்துக்கொள்ள மாட்டார்.

இவ்விரு கூட்டத்துக்கும் நடுவில் மூன்றாவது கூட்டம் ஒன்று இருக்கிறது. பாக்கெட் எண்ணெயை விட்டு மாறலாமா என்று யோசித்துக்கொண்டு, பெரிய அங்காடிகளில் பாட்டில்களைத் திருப்பித் திருப்பிப் படிப்பவர்கள் இவர்கள். இவர்களுக்குச் செக்கு எண்ணெய் ஒப்பிட்டு வாங்கும் பொருள். ஒப்பிடுவதற்கு வேண்டிய செய்தியைத் தருவதே இங்கே விற்பனை வேலை. ஆட்டிய தேதி, கடலையின் இரகம், அடியில் தங்கும் கசடு ஏன் வருகிறது என்ற விளக்கம், பொரிக்கும்போது நுரைக்கக்கூடும் என்ற முன்னறிவிப்பு ஆகியவை பாட்டிலின் மேலும், விற்பவரின் வாயிலும் இருக்க வேண்டும். நுரையைப் பற்றி முன்பே சொல்லாததால் கலப்படம் என்று எண்ணி விலகியவர்களை மீட்பது மிகக் கடினம். ஆகவே 40 மளிகைக் கடைகளுக்குப் பதிலாக, ஒப்பிடும் நோக்கத்தோடு மக்கள் வரும் மூன்று நான்கு கடைகளில், விளக்கிச் சொல்லக்கூடிய ஆளோடு வைப்பதே பொருத்தம்.

ஒப்பிட்டு வாங்கும் பொருளில் இன்னொரு தவறு, போட்டியே இல்லாத இடத்தைத் தேடிக் கடை போடுவது. புதுச்சேரி நேரு வீதியில் துணிக்கடைகள் நெருங்கி இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. திருமணத்துக்குப் புடவை எடுக்க வரும் குடும்பம் ஒரே நடையில் பல கடைகள் பார்க்க விரும்புகிறது. தனியாகத் தொலைவில் இருக்கும் கடை மலிவாகவே விற்றாலும் அந்த நடைக்குள் வருவதில்லை. ஆனால் எல்லா ஒப்பீடும் ஒன்றல்ல. ஒரே நிறுவனத்தின் ஒரே மாதிரிக் குளிர்பதனப் பெட்டியை நான்கு கடைகளில் விசாரிப்பவர் விலையையும் தவணை வசதியையும் மட்டுமே பார்க்கிறார். புடவை பார்ப்பவருக்கு விலைக்கு முன்னால் வகைகளின் எண்ணிக்கையும், பொறுமையாக எடுத்துக் காட்டும் விற்பனையாளரும் முக்கியம். புடவைக் கடைக்காரர் விலைக் குறைப்பு விளம்பரத்தில் கொட்டும் பணத்தைச் சரக்கிலும் ஆட்களிலும் போட்டிருந்தால் பலன் அதிகம் என்பது என் உறுதியான கருத்து.

விலை அதிகம் என்பதாலேயே ஒன்றைத் தனிச்சிறப்புப் பொருள் என்று கருதுவதும் பரவலான பிழை. 50,000 ரூபாய்த் தொலைக்காட்சியைப் பெரும்பாலோர் ஒப்பிட்டே வாங்குகிறார்கள். மாறாக, குறிப்பிட்ட ஒரு கடையின் ஊதுபத்தி தவிர வேறு எதையும் பூசையறையில் ஏற்றாத வீடுகள் உண்டு. அந்த வீட்டுக்கு அது தனிச்சிறப்புப் பொருள்.

நாடப்படாத பொருளுக்கு வருவோம். யாரும் கேட்கவில்லை என்பதால் அதைத் தேவையற்ற பொருள் என்று ஒதுக்குவதும், நாளிதழில் பெரிய விளம்பரம் போட்டால் கேட்டு வருவார்கள் என்று எண்ணுவதும் இரு பக்கத் தவறுகள். கேட்காமல் இருப்பதற்கு இரண்டு காரணங்கள் உள்ளன. ஒன்று, அப்படி ஒரு பொருள் இருப்பதே தெரியாது. இதற்குச் செய்முறை விளக்கமும் செய்தியும் போதும். மற்றொன்று, தெரியும், ஆனால் நினைக்க விரும்புவதில்லை. இறப்பையும் நோயையும் நினைவூட்டும் காப்பீடு இந்த வகை. இதற்கு விளம்பரம் போதாது. தெரிந்த முகம் ஒன்று வீட்டுக்கு வந்து, உட்கார்ந்து, பலமுறை பேச வேண்டியிருக்கிறது. ஆயுள் காப்பீடு நெடுங்காலமாக முகவர்களைச் சார்ந்தே விற்கப்பட்டதற்கு இதுவே காரணம். முதல் காரணத்துக்கு உரிய மருந்தை இரண்டாவதற்குக் கொடுத்தால் பணம் மட்டுமே கரையும்.

ஒரு பொருளின் வகை காலத்தோடு மாறவும் செய்யும். நம் கடற்கரையில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரை கடந்தது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது அந்நகரில் ஒரே நாளில் சுமார் 48 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஏப்ரலில் அவசரகால விளக்கைப் பற்றிப் பேசினால் கேட்க ஆளில்லை. புயல் எச்சரிக்கை வந்த அன்று மாலை அதே விளக்கு வசதிப் பொருள்களுள் அவசர வகையாகிவிடுகிறது: எந்த நிறுவனம், என்ன விலை என்று யாரும் பார்ப்பதில்லை, அருகில் இருக்கும் கடையில் இருந்தால் போதும். மின்சாரம் பல நாள் வராமல் போன பிறகு அதே குடும்பம் இன்வெர்ட்டரை விசாரிக்கத் தொடங்குகிறது. அது ஒப்பிட்டு வாங்கும் பொருளாகி, மின்கலத்தின் திறனும் உத்தரவாதக் காலமும் பேசப்படுகின்றன. விளக்கு விற்பவர் செப்டம்பரிலேயே தெருக்கடைகள் வரை சரக்கைப் பரப்பி முடித்திருக்க வேண்டும். எச்சரிக்கை வந்த பிறகு விளம்பரம் செய்வது வீண். இன்வெர்ட்டர் விற்பவரோ புயலுக்கு முந்தைய நாள் தெருக்கடைகளைத் தேடிப் போக வேண்டியதில்லை. புயல் கடந்து மின்சாரம் திரும்பிய அடுத்த சில வாரங்களில், வீட்டின் மின்விசிறி, விளக்குகளை எண்ணி எத்தனை மணி நேரம் தாங்கும் என்று கணக்கிட்டுச் சொல்லத் தெரிந்த ஆட்களைக் கடையில் நிறுத்த வேண்டும்.