சம்மர் ஃபெல்லோஷிப்: கைடுக்கு எழுதும் முதல் மெயிலிலேயே நடக்கும் தவறுகள்

கோடை விடுமுறைக்கான ஆராய்ச்சி ஃபெல்லோஷிப்பைப் பற்றி ஏப்ரலில் விசாரிக்கத் தொடங்கினால் அந்த ஆண்டு போய்விட்டது என்றே அர்த்தம். மூன்று அறிவியல் அகாடமிகள் (பெங்களூரு, டெல்லி, பிரயாக்ராஜ்) சேர்ந்து நடத்தும் இரண்டு மாதத் திட்டத்துக்கு முந்தைய ஆண்டு நவம்பர் வாக்கிலேயே விண்ணப்பம் முடிந்துவிடும். சென்னை ஐஐடியின் திட்டம் பொதுவாக மூன்றாம் ஆண்டு பி.இ., முதலாண்டு எம்.எஸ்சி. போன்று படிப்பின் நடுவில் இருக்கும் மாணவர்களுக்கானது. மற்ற ஐஐடி மாணவர்களுக்கு அதில் இடமில்லை. கடைசி ஆண்டு மாணவர்கள் இதைப் பார்க்காமல் விண்ணப்பித்து ஏமாறுகிறார்கள்.

அதைவிடப் பெரிய தவறு, எந்தப் பேராசிரியரிடம் ஆராய்ச்சி செய்யப் போகிறோமோ அந்தக் கைடின் சம்மதம் கேட்கும் விதத்தில் நடக்கிறது. "மதிப்பிற்குரிய ஐயா, உங்கள் ஆராய்ச்சியில் எனக்கு மிகுந்த ஆர்வம்" என்று தொடங்கி, அதே மெயிலை இருபது பேருக்கு அனுப்புகிறார்கள். பெயரை மட்டும் மாற்றியிருப்பது பேராசிரியருக்கு முதல் வரியிலேயே தெரிந்துவிடும்.

மூன்றாம் ஆண்டு வேதியியல் மாணவி ஒருவர் வினையூக்கிகள் பற்றி ஆராயும் பேராசிரியருக்கு எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். முதலில் அவருடைய அண்மைக் கட்டுரை ஒன்றைப் படிக்க வேண்டும். முழுதும் புரியாவிட்டாலும் முன்னுரையும் முடிவுரையும் போதும். அப்புறம் மெயிலில் நான்கு விஷயங்கள்: எந்தக் கல்லூரி, எந்த ஆண்டு; கட்டுரையில் தன்னை யோசிக்க வைத்த ஒரு கேள்வி ("வெப்பநிலை கூடும்போது விளைபொருள் ஏன் குறைகிறது?"); தனக்குச் செய்யத் தெரிந்தவை, உதாரணமாக டைட்ரேஷன், யுவி நிறமாலை எடுப்பது; எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை வர முடியும், எந்தத் திட்டத்தின் வழியாக. மதிப்பெண் பட்டியலையும் ஒரு பக்க பயோடேட்டாவையும் இணைத்தால் போதும். பத்து நாள் பதில் வராவிட்டால் ஒரே ஒரு நினைவூட்டல். ஒரே துறையில் இருவரிடம் ஒரே நேரத்தில் கேட்டு, இருவரும் சரி என்றபின் ஒருவரை விட்டுவிடுவது மிக மோசம். பக்கத்து அறைக்காரர்கள் பேசிக்கொள்வார்கள்.

சம்மதம் கிடைத்தாலே இடம் கிடைத்ததாக நினைப்பதும் தவறு. பல இடங்களில் தேர்வை நிறுவனக் குழுதான் செய்கிறது: மதிப்பெண், ஆசிரியரின் பரிந்துரைக் கடிதம், நீங்கள் எழுதிய சிறு குறிப்பு ஆகியவற்றை வைத்து. பரிந்துரை எழுதும் ஆசிரியருக்குக் கடைசி நாளுக்கு இரண்டு வாரம் முன்பே சொல்லிவிடுங்கள்.

உதவித்தொகை திட்டத்துக்குத் திட்டம் மாறும். அது கைக்கு வர மாத முடிவு ஆகலாம், அறிக்கை கொடுத்த பிறகும் ஆகலாம். அதனால் டிக்கெட், ஹாஸ்டல், மெஸ் செலவுக்கு முதல் மாதப் பணம் கையில் இருக்க வேண்டும். அதோடு, நம் பல்கலைக்கழகத் தேர்வுகள் மே மாதம் வரை இழுத்தால் சேரும் தேதி முட்டும். கைடிடம் தேதியை உறுதி சொல்வதற்கு முன்பே தேர்வு அட்டவணையையும், கல்லூரியின் தடையில்லாச் சான்றிதழையும் கேட்டு வாங்கிவிடுங்கள்.